சொன்ன தலைப்பா, பேசிய பொருளா?

கூட்டம் என்றால் செல்பேசியில் பதிவு செய்வது இப்போது நம் குழுக்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒன்றரை மணி நேரப் பதிவை உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது? நடவு நேரத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் யாராவது ஒருவர் கேட்டு, அரைப் பக்கம் சுருக்கம் எழுதிக் குழுவில் போடுகிறார். கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அந்த அரைப் பக்கம்தான் கூட்டம். ஆறு மாதம் கழித்துக் குழுவில் சேருகிறவருக்கும் அதுதான் கூட்டம்.

இதில் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. பேச வந்தவர், "இன்னைக்கு இதைப் பத்திச் சொல்லப் போறேன்" என்று தொடங்குவது ஒன்றாக இருக்கிறது. பேச்சு போய்ச் சேரும் இடம் வேறாக இருக்கிறது. சுருக்கம் எழுதுகிறவர் எதைப் பிடித்துக்கொள்வது?

என் கருத்து இது. தலைப்பும் முதல் வரியும், உண்மையில் பேசப்பட்ட பொருளுக்கு. அறிவித்த நோக்கத்துக்கு ஒரு வரி. அறிவித்ததில் எது பேசப்படவில்லை என்பதற்கு இன்னொரு வரி. இந்த மூன்றில் எதை விட்டாலும் படிக்கிறவர் ஏமாறுவார்.

நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2022 ஆகஸ்ட் தொடக்கத்தில், சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் அமையும் என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த சில நாட்களிலேயே ஆகஸ்ட் 15 கிராம சபை. கிராம சபைக்கு என்று ஒரு கூட்டப்பொருள் பட்டியல் மேலிருந்து வரும்: ஊராட்சியின் வரவு செலவு, குடிநீர், சுகாதாரம், நூறு நாள் வேலை இப்படி. ஆனால் ஏகனாபுரம் மக்களுக்கு அன்று மனதில் இருந்தது நிலமும் ஏரியும் வீடும்தான். விமான நிலையம் வேண்டாம் என்று அந்தக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். அதன் பின்னும் பல கிராம சபைகளில் அதே தீர்மானம் தொடர்ந்தது.

அப்படி ஒரு கூட்டத்தின் ஒலிப்பதிவு உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலைப் பார்த்து, "வரவு செலவு, குடிநீர், சுகாதாரம் குறித்து விவாதிக்கப்பட்டது, பிற பொருள்களும் பேசப்பட்டன" என்று எழுதினால், ஊரே எழுந்து நின்று சொன்னது "பிற பொருள்கள்" என்ற இரண்டு சொல்லுக்குள் புதைந்துபோகும். இந்தத் தவறு எல்லோருக்கும் எளிதாகப் புரிகிறது.

எதிர்ப்பக்கத் தவறு அவ்வளவு எளிதாகப் புரிவதில்லை. "விமான நிலைய எதிர்ப்புக் கூட்டம் நடந்தது" என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்? பேசிய பொருள் சரிதான். ஆனால் அது கிராம சபை என்பதே காணாமல் போய்விடுகிறது. தெருமுனையில் நின்று வேண்டாம் என்பதற்கும், சட்டப்படி கூடிய கிராம சபையில் தீர்மானமாக வேண்டாம் என்பதற்கும் உள்ள எடை ஒன்றல்ல. அறிவித்த நோக்கம் வெறும் சம்பிரதாயம் இல்லை. யார், எந்த உரிமையில் கூடிப் பேசினார்கள் என்பதை அதுதான் சொல்கிறது. இதே மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இந்த இரண்டையும் விடவில்லை. எந்த ஆணையின்படி, எந்த அதிகாரி உடனிருக்கச் சபை கூடியது என்பதும் இருக்கிறது. என்ன முடிவு செய்தார்கள் என்பதும் இருக்கிறது.

இனி நம் குழுக்களில் நடப்பது போன்ற ஒரு பதிவை எடுத்து, படிப்படியாகப் பார்ப்போம். இது நான் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டது.

பதிவின் நீளம் 80 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் வரவேற்பு. பேச வந்தவர், "இன்னைக்கு ஐந்திலைக் கரைசல் தயாரிப்பு முழுசும் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போவேன்" என்கிறார். ஐந்தாம் நிமிடத்திலிருந்து எந்தெந்த இலை, ஏன் ஆடு தின்னாத இலை என்று சொல்கிறார். 13ஆம் நிமிடத்தில் ஓர் அக்கா கேட்கிறார்: "தம்பி, மருந்து அடிக்கப் பயிர் இருந்தாத்தானே? ஏரியில தண்ணி ரெண்டு மாசம்கூட நிக்கலையே." அவ்வளவுதான், பேச்சு ஏரிக்குப் போய்விடுகிறது. வரத்துக்கால்வாய் தூர்ந்தது, மதகில் கசிவு, ஏரிக்குள் சீமைக்கருவேலம், வண்டல் எடுப்பது என்று 60ஆம் நிமிடம் வரை அதுதான். அடுத்த 12 நிமிடத்தில் ஒரு முடிவு வருகிறது: வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்பது, நான்கு பேர் போவது. கடைசி எட்டு நிமிடம் நன்றியுரை. "ஐந்திலைக் கரைசல் பத்தி ஐயா அருமையா விளக்கினார்" என்று நன்றி சொல்கிறார்கள்.

இந்த நன்றியுரையைக் கவனியுங்கள். பதிவின் தொடக்கமும் முடிவும் ஒரே தலைப்பைச் சொல்கின்றன. நேரம் இல்லாமல் முன்னும் பின்னும் மட்டும் கேட்கிறவர், "ஐந்திலைக் கரைசல் பயிற்சி" என்று எழுதிவிடுவார். ஆனால் 80 நிமிடத்தில் கரைசலுக்குக் கிடைத்தது எட்டு நிமிடம். எனவே முதல் வேலை, முழுதும் கேட்பது. கேட்கும்போதே பேச்சு மாறும் ஒவ்வொரு இடத்திலும் நிமிடம், பொருள், பேசியவர் என்று ஒரு வரி குறித்துக்கொள்ள வேண்டும். பத்துப் பன்னிரண்டு வரி வரும். அந்தத் தாள் இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி, நேரத்தை மட்டும் வைத்துத் தீராது. நாற்பது நிமிடம் பழைய கதை பேசி, நான்கு நிமிடத்தில் முடிவெடுக்கும் கூட்டங்களும் உண்டு. அங்கே அந்த நான்கு நிமிடம்தான் சுருக்கத்தின் முதல் வரி. மக்கள் எதைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள், யார் எந்த வேலையை ஏற்றுக்கொண்டார்கள், எந்த நாள் குறித்தார்கள் என்று பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் நேரமும் கேள்வியும் முடிவும் மூன்றும் ஏரியையே காட்டுகின்றன. அதனால் தலைப்பு ஏரிதான்.

ஒரு எச்சரிக்கை. எல்லா விலகலும் விலகல் இல்லை. பூச்சியைப் பற்றிப் பேச வந்தவர் ஒரு மணி நேரமும் மண்ணைப் பற்றியே பேசுகிறார் என்று வையுங்கள். "மண்ணு கெட்டதாலதான் பூச்சி வருது, அதனால மண்ணைப் பேசுறேன்" என்று அவரே சொல்லியிருந்தால், அவர் தலைப்பை விடவில்லை. அவருடைய விடையே மண்தான். அப்போது, "பூச்சிக்குத் தனிக் கரைசல் சொல்லவில்லை; மண்ணைச் சரிசெய்வதே வழி என்றார்" என்று எழுதுவதே நேர்மை. அந்த இணைப்பை அவர் வாயால் சொல்லவில்லை என்றால், நாமாகப் போட்டுக் கொடுக்கக் கூடாது. அவருக்காக நாம் வாதாடுவது சுருக்கம் ஆகாது.

அதைவிட ஆபத்தானது, இல்லாததை நிரப்புவது. நம் பதிவில் இலைகளின் பெயர் இருக்கிறது. எத்தனை நாள் ஊற வைப்பது, எவ்வளவு தண்ணீரில் கலப்பது என்பது இல்லை. அதற்குள் பேச்சு மாறிவிட்டது. எழுதுகிறவருக்கு அளவு தெரியும், பத்து வருட அனுபவம் இருக்கும். "நம்மளே சேர்த்துடலாம், நாலு பேருக்கு உதவும்" என்று தோன்றும். சேர்த்தால், அது பேசியவர் சொன்ன அளவாக ஊரெல்லாம் பரவும். இளம்பயிரில் ஒருவர் தெளித்து இலை கருகினால் பழி யாருக்கு? "அளவு இந்தப் பதிவில் இல்லை; கேட்டுத் தெரிந்துகொள்ளவும்" என்று எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்றால் கீழே தனிக் குறிப்பாக, உங்கள் பெயரில் சொல்லுங்கள்.

"இந்தப் பதிவில்" என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. பதிவைத் தாமதமாகத் தொடங்கியிருக்கலாம், நடுவில் அழைப்பு வந்து நின்றிருக்கலாம், மதியச் சாப்பாட்டுக்குப் பின் செய்முறை காட்டியிருக்கலாம். பதிவில் இல்லை என்பதும் கூட்டத்தில் நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. நமக்குத் தெரிந்தது முதலாவது மட்டும்தான்.

ஆக, சுருக்கம் இப்படி அமையலாம்:

"ஏரி சீரமைப்பு: திங்கட்கிழமை ஆட்சியரிடம் மனு. ஐந்திலைக் கரைசல் பயிற்சியாக அறிவிக்கப்பட்ட கூட்டத்தின் 80 நிமிடப் பதிவு இது. உறுப்பினர் ஒருவரின் கேள்வியைத் தொடர்ந்து பேச்சு பெரும்பாலும் ஏரியைப் பற்றி நடந்தது. வரத்துக்கால்வாய், மதகு, சீமைக்கருவேலம், வண்டல் ஆகிய நான்கும் பேசப்பட்டன. மனு கொடுக்க நான்கு பேர் ஒப்புக்கொண்டனர். கரைசலுக்கான இலைகள் 5 முதல் 13 நிமிடம் வரை சொல்லப்பட்டன; ஊற வைக்கும் நாளும் கலக்கும் அளவும் பதிவில் இல்லை."

இதில் "தலைப்பை விட்டு விலகினார்" என்று எங்கும் இல்லை. அது தீர்ப்பு. அறிவித்தது இது, பேசியது இது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். படிக்கிறவர் முடிவு செய்துகொள்வார். கரைசலுக்காகப் பதிவைத் தேடுகிறவருக்கும் எந்த எட்டு நிமிடத்தைக் கேட்பது என்று தெரிந்துவிடும்.

"பயிற்சின்னு சொல்லித்தானே பணம் வாங்கினோம், அறிக்கையில ஏரின்னு எழுதினா எப்படி?" என்று நிர்வாகிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நிகழ்ச்சியின் பெயர் என்ற இடத்தில் அறிவித்த பெயரை அப்படியே போடுங்கள், அது உண்மை. நடந்தது என்ன என்ற இடத்தில் நடந்ததைப் போடுங்கள். பேசியவர் சுருக்கத்தைப் பார்த்து, "நான் மதகுன்னு சொல்லலை, கலங்கல்னு சொன்னேன்" என்றால், பதிவைக் கேட்டுத் திருத்துங்கள். "தலைப்பைக் கரைசல்னே போட்டுருங்க" என்றால் திருத்த வேண்டாம். கரைசல் பயிற்சி முடிந்தது என்று கணக்கில் ஏறிவிட்டால், அந்தப் பயிற்சியை மறுபடி யாரும் ஏற்பாடு செய்யப் போவதில்லை. ஏரிக்காக மனு கொடுக்கப் போன நான்கு பேருக்கும், ஊர் கூடிச் சொன்னது என்று காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது.