ஷீட் ஓடுது, கட்டம் நிக்குது!

கீ-போர்டின் மேல்வரிசையில் வலப்பக்கம் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பிரிண்ட் ஸ்க்ரீன், ஸ்க்ரோல் லாக், பாஸ். முதலாமவருக்கு இன்னமும் வேலை உண்டு. மூன்றாமவரை யாரும் சீண்டுவதில்லை. நடுவில் இருக்கிறாரே ஸ்க்ரோல் லாக், அவர் 1981-ல் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோதே சர்வீஸில் சேர்ந்தவர். இன்றைக்கும் ரிடயர் ஆகவில்லை. பெரும்பாலான புரோகிராம்கள் அவரை மதிப்பதேயில்லை. வேர்டில் அழுத்திப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. எக்ஸெல் மட்டும் இன்னமும் 'வாங்க சார்' என்று எழுந்து நிற்கிறது.

அந்தக் காலத்து ஸ்க்ரீனில் 25 வரிதான் தெரியும். மவுஸ் பலருக்குக் கிடையாது. அம்புக்குறிக்கு இரண்டு வேலை: ஒன்று, நிற்கிற இடத்திலிருந்து நகர்வது. இன்னொன்று, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு தாளை மட்டும் உருட்டிப் பார்ப்பது. எது வேண்டும் என்று சொல்ல ஒரு சுவிட்ச் தேவைப்பட்டது. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 அதற்கு இந்த ஸ்க்ரோல் லாக்கைப் பயன்படுத்தியது. எக்ஸெலும் அதையே வைத்துக்கொண்டது. மவுஸில் சக்கரம் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. பழைய சுவிட்சைத்தான் யாரும் கழற்றவில்லை.

போன மாதக் கடைசியில் எங்கள் அக்கவுண்ட்ஸ் தம்பி ஒருவர் வியர்த்து விறுவிறுத்து வந்தார்.

"சார், ஷீட்டுக்குப் பேய் புடிச்சிருக்கு. நம்பரை அழிச்சா நம்பர் போகமாட்டேங்குது. ஆனா டோட்டல் மட்டும் குறையுது!"

பேயை நேரில் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி வராது. எழுந்து போனேன்.

சம்பளப் பட்டியல். டி காலத்தில் D2-லிருந்து D240 வரை ஆட்களின் சம்பளம். D241-ல் `=SUM(D2:D240)`. கூட்டுத்தொகை 36,18,400. இதில் 238-வது வரியில் ஒருவர் பெயர் இரண்டாம் முறை விழுந்துவிட்டது. அவர் சம்பளம் 14,200. அதை அழித்தால் கூட்டுத்தொகை 36,04,200-க்கு வரவேண்டும். தம்பி கீழ் அம்பை அழுத்திப் பிடித்து 238-வது வரியை ஸ்க்ரீனுக்குக் கொண்டுவந்து, Delete தட்டியிருக்கிறார். 14,200 அசையாமல் உட்கார்ந்திருந்தது. கூட்டுத்தொகையோ 35,99,950 ஆகிவிட்டது. இன்னொரு தரம் தட்டினார். இப்போது அதுவும் அசையவில்லை.

"பச்சைக் கட்டம் எங்கே?" என்றேன்.

"அதான் சார், காலையிலேர்ந்து காணோம். டிஸ்ப்ளே கோளாறுன்னு விட்டுட்டேன்."

கட்டம் காணாமல் போகவில்லை. ஷீட்டுக்கு மேலே இடது ஓரத்தில், ஃபார்முலா வரிக்கு முன்னால், ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, நேம் பாக்ஸ், அதில் நீங்கள் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்று எழுதியிருக்கும். தம்பியின் பெட்டியில் D12. கண் 238-ல் இருந்தது, ஆள் நின்றது 12-ல். Delete தட்டியதும் எக்ஸெல் கடமையாக D12-ஐ அழித்தது. 36,18,400-க்கும் 35,99,950-க்கும் வித்தியாசம் 18,450. பன்னிரண்டாவது வரியில் எங்கள் டிரைவர் அண்ணன். அவர் சம்பளம் அதேதான்! இரண்டாம் தரம் Delete தட்டியபோது அழிக்க அங்கே எதுவும் மிச்சமில்லை; அதனால்தான் கூட்டுத்தொகை அசையவில்லை.

Ctrl-ஐயும் Backspace-ஐயும் சேர்த்துத் தட்டினேன். ஷீட் சட்டென்று தாவி, நிஜமாக நிற்கிற கட்டத்தைக் காட்டியது. D12, துடைத்து வைத்த மாதிரி காலி. Ctrl+Z. 18,450 திரும்பி வந்தது. ஃபைலை மூடியிருந்தால் இந்த வசதி கிடையாது. லிஸ்ட் அன்று சாயந்திரம் பேங்குக்குப் போகவேண்டியது. ஒன்றாம் தேதி டிரைவர் அண்ணன் வந்து, "என்ன தம்பி, என்னை மறந்துட்டீங்களா?" என்று கேட்டபிறகுதான் தெரிந்திருக்கும்.

இந்த மாதிரி நேரத்தில் Delete தான் ஆபத்து. எழுத்தோ எண்ணோ அடித்தால் ஷீட் தானாகக் குதித்து நிஜக் கட்டத்துக்குப் போய்விடும். 'அட, இங்கேயா இருக்கோம்' என்று தெரிந்துவிடும். Delete சத்தம் போடாமல் வேலையை முடித்துவிடும்.

சரி, ஸ்க்ரோல் லாக்தான் என்று எப்படி உறுதி செய்வது? கீழ் அம்பை ஐந்து முறை தட்டுங்கள். இடது ஓரத்து வரிசை எண்கள் ஓடி, நேம் பாக்ஸில் எழுத்து மாறவில்லையென்றால் அதேதான். நேம் பாக்ஸும் மாறாமல், ஷீட்டும் ஓடாமல் இருந்தால் அது வேறு வியாதி. ஏதாவது கட்டத்துக்குள் டைப் செய்து பாதியில் விட்டிருப்பீர்கள், Esc தட்டிப் பாருங்கள்.

கீழே ஸ்டேட்டஸ் பாரிலும் Scroll Lock என்று எழுதியிருக்கும். எக்ஸெல் 2003 வரை சுருக்கமாக SCRL. தம்பியின் மெஷினில் அது தெரியவில்லை. அந்தப் பட்டையில் ரைட் கிளிக் செய்தால் ஒரு நீளப் பட்டியல் வரும். அதில் Scroll Lock-க்கு எதிரே On அல்லது Off என்று நிலவரம் இருக்கும். இங்கே ஒரு குழி இருக்கிறது. On என்று பார்த்தவுடன் பலர் அதன்மேல் கிளிக் செய்துவிட்டு, 'அணைச்சாச்சு' என்று நிம்மதியாகிறார்கள். அது அணைக்கும் சுவிட்ச் இல்லை. அந்த வார்த்தையைக் கீழே காட்டலாமா வேண்டாமா என்பதற்கான டிக் மட்டும்தான். பல்பைக் கழற்றிவிட்டுக் கரண்ட் நின்றுவிட்டது என்று நினைத்த கதை.

"அணைக்கறேன் சார்" என்று தம்பி கீ-போர்டைத் தேடினார். அங்கேதான் கதையே. லேப்டாப்பில் அந்தச் சாவியே இல்லை! காலையில் ஒரு பெரிய கீ-போர்டை மாட்டியிருந்தாராம். ஏதோ ரசீதைப் படம் பிடிக்க பிரிண்ட் ஸ்க்ரீன் தட்டப்போய், விரல் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது. பிறகு கீ-போர்டை பக்கத்து மேஜைக்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்தப் பூட்டு எக்ஸெலுக்குச் சொந்தமில்லை, விண்டோஸுக்கு. ஆகவே கீ-போர்டு போனாலும் பூட்டு போகாது. எக்ஸெலை மூடித் திறந்தாலும் போகாது. பூட்டு இங்கே, சாவி அடுத்த மேஜையில்.

சில லேப்டாப்பில் Fn-உடன் K, சிலவற்றில் C, சிலவற்றில் S. கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேறு. மனப்பாடம் செய்வது வீண். எல்லா விண்டோஸிலும் நடக்கிற வழி இதுதான்: விண்டோஸ் சாவியோடு R தட்டி, வருகிற பெட்டியில்

```
osk
```

என்று அடித்து Enter. ஸ்க்ரீனிலேயே ஒரு கீ-போர்டு விரியும். வலப்பக்கம் ScrLk என்ற கட்டம் நிறம் மாறி இருக்கும். மவுஸால் ஒரே ஒரு கிளிக். அவ்வளவுதான்.

தம்பி செய்தார். அம்பைத் தட்டினார். பச்சைக் கட்டம் சமர்த்தாக D13-க்கு நகர்ந்தது. 238-க்குப் போய், நேம் பாக்ஸைப் பார்த்து, வாய்விட்டு "டி இருநூத்தி முப்பத்தெட்டு" என்று படித்துவிட்டு Delete தட்டினார். 36,04,200.

சர்வர் ரூமில் வேலை பார்க்கிற நண்பர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஒரே கீ-போர்டை நாலு மெஷினுக்கு மாற்றிக்கொடுக்கும் கே.வி.எம். பெட்டி இருக்கிறதே, அதில் பலவற்றுக்கு மெஷின் மாற்ற ஸ்க்ரோல் லாக்கை இரண்டு தரம் தட்டவேண்டும். அவசரத்தில் ஒரு தரம் மட்டும் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். அடுத்த ஷிஃப்டில் யாராவது எக்ஸெல் திறப்பார்கள்.