590 ரூபாய் பாக்கி

என் மைத்துனர் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது வங்கி மறுத்துவிட்டது. காரணம், அவர் மறந்தே போயிருந்த ஒரு கிரெடிட் கார்டு. அதை அவர் பயன்படுத்தவே இல்லை. ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 590, அதில் ஏறியிருந்தது. கைபேசி எண்ணை மாற்றியவர் கார்டு வங்கிக்குச் சொல்லவில்லை. நினைவூட்டல் எல்லாம் பழைய எண்ணுக்குப் போனது.

“வெறும் 590 ரூபாய்க்கா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதப்படுவது பாக்கித் தொகை அல்ல, கெடு தாண்டிய நாட்களின் எண்ணிக்கை. இதை டிபிடி என்பார்கள். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000 இருக்கும். பாக்கி 590 ஆனாலும் 59,000 ஆனாலும் நாள் ஒரே வேகத்தில்தான் ஏறும்.

அவருடைய கெடு ஜூன் 30. ஜூலை 31-இல் கட்டத்தில் 31, ஆகஸ்ட் 31-இல் 62, செப்டம்பர் 30-இல் 92. தொண்ணூறு நாள் தாண்டினால் அந்தக் கணக்கு வாராக்கடன். விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரியின் கண்ணில் பட்டது அந்த 92தான்.

ஒரு நாள் தாமதித்தாலே ஸ்கோர் விழுந்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அப்படி இல்லை. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, கெடு முடிந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், பாக்கி என்று தெரிவிக்கலாம். அவர் ஜூலை 3-க்குள் கட்டியிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. ஆனால் மூன்று நாள் தாண்டிவிட்டால், எண்ணிக்கை பழைய கெடுவிலிருந்தே தொடங்கும்: ஜூலை 4 நான்காவது நாள், முதல் நாள் அல்ல. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்ப வேண்டும் என்பதால், மாதக் கடைசிக்குள் சரிக்கட்டிவிடலாம் என்ற பழைய கணக்கும் இப்போது உதவாது.

மினிமம் டியூவை மட்டும் கட்டினால்? டிபிடி ஏறாது. வட்டி ஏறும், அதுவும் பல கார்டுகளில் ஆண்டுக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. ஆக, கை இறுகிய மாதத்தில் ஸ்கோரைக் காப்பாற்ற அது ஒரு வழி, அவ்வளவே.

மீள்வதற்கு முதல் வேலை பாக்கியை முழுதாக அடைப்பது. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அக்டோபர் ஸ்டேட்மென்ட்டில் தாமதக் கட்டணமும் வட்டியும் சேர்ந்து 3,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. மைத்துனர் அதை 20-ஆம் தேதி கட்டினார். ஸ்டேட்மென்ட் தேதிக்கும் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி 41 ரூபாய் நவம்பரில் வந்தது. அதை “போகட்டும்” என்று விட்டிருந்தால் நாள் எண்ணிக்கை மறுபடி தொடங்கியிருக்கும். கட்டும் நாளில் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு, இன்றைய தேதிக்கு முழு பாக்கி எவ்வளவு என்று கேட்பதும், அடுத்த ஸ்டேட்மென்ட் வரும்வரை கவனித்திருப்பதும் நல்லது.

பாதி கட்டினால் போதும், முடித்துக்கொள்ளலாம் என்று வசூல்காரர் சொன்னால் யோசியுங்கள். கணக்கு ‘செட்டில்டு’ என்று பதிவாகும். கடன் கொடுத்தவர் நட்டப்பட்டார் என்றே அடுத்த வங்கி அதைப் படிக்கும்.

கோபத்தில் கார்டை உடனே ரத்து செய்ய மைத்துனர் துடித்தார். வேண்டாம் என்றேன். ரத்து செய்தால் அந்தக் கணக்கின் கடைசிப் பக்கமாக 92 நின்றுவிடும். புதிய 000 எதுவும் அதில் சேராது. இப்போது மாதம் 300 ரூபாய்க்கு அந்தக் கார்டில் பெட்ரோல் போடுகிறார், முழுத் தொகைக்கும் ஆட்டோ டெபிட் வைத்திருக்கிறார்.

பதிவு உண்மையென்றால் அதை யாராலும் அழிக்க முடியாது. காசு வாங்கிக்கொண்டு அழித்துத் தருகிறேன் என்பவர் ஏமாற்றுகிறார். வங்கி தாமதக் கட்டணத்தைத் திருப்பித் தந்தாலும் டிபிடி மாறாது. பதிவு தவறு என்றால் கதை வேறு. நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறைச் சுட்டிப் புகார் கொடுத்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும்; தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

மைத்துனரின் 31, 62, 92 மூன்றும் உண்மையான பதிவுகள். சிபில் அறிக்கை 36 மாதம் வரை காட்டும். ஒவ்வொரு மாதமும் ஒரு 000 முன்னால் சேர, அவை ஒரு கட்டம் பின்னால் தள்ளப்படுகின்றன. அடுத்த வங்கிக்குப் போகும்போது காட்ட, 3,000 சொச்சம் கட்டிய ரசீதையும் அந்த 41 ரூபாய் ரசீதையும் ஒரே உறையில் வைத்திருக்கிறார்.