கணக்குப்பிள்ளை வேண்டுமா, வீட்டு நோட்டே போதுமா?

'தென்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் ஏத்தன் வாழை போட்டிருக்கிறோம். பக்கத்துத் தோட்டங்களில் இலைக்கட்டும் வாங்கி அனுப்புகிறோம். இலையில் வருஷத்துக்கு ஒன்பது லட்ச ரூபாய்க்கு வரவு. கணக்கை நான்தான் எழுதுகிறேன். மாதம் இரண்டு நாள் வந்து எழுதித் தர ஒருவர் 2,500 ரூபாய் கேட்கிறார். வைத்துக்கொள்ளலாமா?' - வாசகி, ஸ்ரீவைகுண்டம்.

மாதம் 2,500 என்றால் வருஷத்துக்கு 30,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு அவர் எதைச் செய்து தருவார், எதைச் செய்ய முடியாது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வாசகி தம் நோட்டிலிருந்து அனுப்பிய ஒரு பக்கமே இதற்குப் பதில் சொல்கிறது.

தை மாதம் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் 50,000 ரூபாய். அது வரவில் இருக்கிறது. ஆடியில் 400 தார் வெட்டியபோது 'வாழை வரவு 58,000' என்று இன்னொரு வரி. ஆக மொத்தம் 1,08,000. ஆனால் தாருக்கு 300 ரூபாய் பேசியதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அப்படியானால் விற்றது 1,20,000 அல்லவா? மீதி 12,000 வண்டி வாடகையும் இறக்குகூலியும் கமிஷனுமாக வியாபாரியின் சீட்டிலேயே கழிந்துவிட்டது. கைக்கு வந்ததை மட்டும் எழுதியதால், தாருக்கு 30 ரூபாய் செலவு நோட்டில் எங்குமே இல்லை. அடுத்த முறை வேறொரு வியாபாரி கமிஷன் இல்லாமல் 280 ரூபாய்க்குத் தோட்டத்திலேயே வெட்டிக்கொள்கிறேன் என்று வந்தால், 300 பெரிதென்று நினைத்து அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உண்மையில் 270-ஐவிட 280 மேல்.

வரப்போகிறவர் இதைக் கண்டுபிடிப்பாரா? சீட்டு கையில் கிடைத்தால் கண்டுபிடிப்பார். 'வரவு 58,000' என்ற வரி மட்டும் கிடைத்தால் அதைத்தான் அழகான எழுத்தில் எடுத்து எழுதுவார். தோட்டத்தில் வெட்டுக்கூலி கொடுத்தது யார், எத்தனை ஆள் என்பது அன்று மாலையே வீட்டில் எழுதப்பட வேண்டும். எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் அந்த வேலை கைமாறாது. ஆகவே சீட்டில் உள்ள முழுத்தொகையை வரவிலும், கழிவுகளைச் செலவிலும், முன்பணத்தைக் கடன்போலத் தனிப் பக்கத்திலும் எழுதி, பணம் நேரானதும் அடித்துவிட்டால் போதும். மாதக் கடைசியில் நோட்டின் இருப்பும் பெட்டியில் உள்ள பணமும் பொருந்தாவிட்டால், அனேகமாக ஒரு சீட்டு விட்டுப்போயிருக்கும்.

வாழைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பயிர் ஏறக்குறைய ஒரு வருஷம் நிற்பதால் உரச்செலவு ஒரு நிதியாண்டிலும் தார் விற்பனை அடுத்த நிதியாண்டிலும் விழும். ஏப்ரல் முதல் மார்ச் வரை போடும் கணக்கில் ஒரு வருஷம் நஷ்டம்போலவும் அடுத்தது கொள்ளை லாபம்போலவும் தெரியும். கன்று வைத்த நாளிலிருந்து கடைசித் தார்வரை ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால்தான் நிலவரம் தெரியும்.

இனி வரி. சொந்த நிலத்தில் விளைந்த வாழையை விற்ற வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் வாங்கி விற்கும் இலை விவசாய வருமானம் அல்ல, வியாபாரம். இரண்டையும் ஒரே நோட்டில் கலந்து எழுதியிருப்பது வாசகி உடனே மாற்ற வேண்டிய விஷயம். ஒன்பது லட்சம் என்பது சிறு வியாபாரம். இந்த அளவில் ரொக்க விற்பனையில் எட்டு சதவீதத்தை லாபமாகக் காட்டும் முறை இருக்கிறது. அதன்படி 72,000 ரூபாய். வேறு வருமானம் இல்லாவிட்டால் வரி கட்டும் வரம்புக்கு இது வெகு கீழே. உண்மை லாபம் அதைவிட அதிகமானால் அதையே காட்ட வேண்டும். ஆனால் இலையைத் தாமே விலைக்கு வாங்காமல், விற்றுக்கொடுத்துத் தரகு மட்டும் வாங்குகிறார்கள் என்றால் இந்த முறை பொருந்தாது. கடிதத்தில் இது தெளிவாக இல்லை. ஆடிட்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

ஆகவே இப்போதைக்கு மாதச் சம்பளத்துக்கு ஆள் தேவையில்லை. இரண்டு நோட்டையும் சீட்டுக் கட்டையும் எடுத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆடிட்டரைப் பார்த்து வந்தால் போதும், செலவும் குறைவு. சிப்ஸ் போட்டு விற்கத் தொடங்கி ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தால் நிலைமை மாறும். விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அப்போது 2,500 ரூபாய் நியாயமான கூலிதான். அப்படி ஒருவரை அமர்த்தினாலும் பதிவில் வீட்டுக் கைபேசி எண்ணையே கொடுக்க வேண்டும். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு தாக்கலுக்கும் ஒப்புகைச் சீட்டை வாங்கி, அதே நோட்டில் ஒட்டி வைக்க வேண்டும்.