கண்புரை பேக்கேஜும் சீட்டில் இல்லாத கணக்கும்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் அறுபது தாண்டியவர்கள் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வாசலூர்பட்டியில் கண்புரை ஆபரேஷன் பேச்சு வந்தாலே "எவ்வளவு பேக்கேஜ்?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே தப்பு என்கிறேன் நான். சென்ற ஆண்டு என் அண்ணிக்காக இரண்டு தனியார் மருத்துவமனைகளில் எஸ்டிமேட் வாங்கினேன். பெயர் வேண்டாம். மலைக்குக் கீழே ஒன்று 22,000 சொன்னது, சேலத்தில் ஒன்று 34,000 சொன்னது. வீட்டில் எல்லோரும் 22,000 பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

நான் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். 22,000 சீட்டின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: "பரிசோதனை, மருந்து தனி." லென்ஸ் பவரைக் கணக்கிட கண்ணை அளக்க வேண்டும், சர்க்கரை பார்க்க வேண்டும், ஈசிஜி எடுக்க வேண்டும், பொது மருத்துவரிடம் தகுதிக் கடிதம் வாங்க வேண்டும். விசாரித்ததில் இவை மட்டும் 2,600. ஆபரேஷனுக்குப் பிறகு வாரக் கணக்கில் விடும் சொட்டு மருந்துக்கும் கறுப்புக் கண்ணாடிக்கும் 1,900. கண்ணை அளக்காமல் ஆபரேஷன் செய்யவே முடியாது. அப்படியிருக்க அதை எப்படி "தனி" என்று போடுகிறார்கள்? சோறு இவ்வளவு, இலை தனி என்கிற கதைதான்.

இதைவிடப் பெரிய விஷயம் லென்ஸ். அண்ணியின் கண்ணில் பாப்பா விரிய மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். அந்த மருந்து விட்டால் கிட்டத்து எழுத்து மங்கிப்போகும், சில மணி நேரம் எதையும் படிக்க முடியாது. சரியாக அந்த நேரத்தில் கவுன்சலர் பெண் ஒரு லென்ஸ் விலைப்பட்டியலோடு வந்தார். "பேக்கேஜ்ல இருக்கறது சாதா லென்ஸ்ம்மா. பின்னாடி படலம் வர வாய்ப்பு அதிகம். நல்லது போட்டா 7,500 கூட ஆகும்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. ஹைட்ரோஃபோபிக் வகை லென்சில் பின்படலம் குறைவாகத்தான் வருகிறது. ஆனால் இதை எஸ்டிமேட் கொடுத்த அன்றே எழுதிக் கொடுத்திருக்கலாமே!

இப்போது கூட்டுங்கள். 22,000, 2,600, 7,500, 1,900. மொத்தம் 34,000. சேலத்துச் சீட்டில் அந்த லென்சும் பரிசோதனைகளும் ஏற்கெனவே அடக்கம், மருந்து 1,500 மட்டும் வெளியே. ஆக 35,500. முதலில் தெரிந்த 12,000 வித்தியாசம் 1,500 ஆகிவிட்டது.

இவர்கள் பேக்கேஜ் என்று விற்பது பெரும்பாலும் லென்சைத்தான். அறுவை அதேதான், உள்ளே வைக்கும் லென்ஸ் மாற மாற தொகை ஏறுகிறது. லென்ஸ் எட்டாத பொருளும் இல்லை. 1992இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆரோலேப் தொடங்கி, இறக்குமதி விலையில் சிறு பங்குக்கு இங்கேயே லென்ஸ் செய்து காட்டியது. இதய ஸ்டென்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் 2017இல் மத்திய அரசு உச்சவிலை வைத்தது. கண் லென்சுக்கு அந்த மாதிரிக் கடிவாளம் போடவில்லை. 2024இல் உச்ச நீதிமன்றம் விசாரித்த மருத்துவமனைக் கட்டண வழக்கிலும் கண்புரையைத்தான் உதாரணமாகக் காட்டினார்கள்: அரசு மருத்துவமனையில் 10,000 வரை ஆவது தனியாரில் 30,000 முதல் 1,40,000 வரை என்று. ஒரே கட்டணம் எங்களுக்குப் பொருந்தாது என்று கண் மருத்துவர் சங்கம் எதிர்த்தது. கருவியும் லென்சும் வேறுபடும் என்பது நியாயம்தான். சரி, ஒரே விலை வேண்டாம். சீட்டை முழுசாக எழுதுவதற்கு என்ன தடை?

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு செலவு உண்டு, எந்தச் சீட்டிலும் வராது. மறுநாள் காலை கட்டாயம் கண்ணைக் காட்ட வேண்டும். ஆபரேஷன் முடிந்த கண்ணோடு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, விடிந்ததும் மறுபடி இறங்க முடியுமா? கீழே ஒரு ராத்திரி அறை எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்புறம் ஒரு வாரத்தில் ஒரு தடவை, ஒரு மாதத்தில் ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் துணைக்கு ஓர் ஆள், அவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. மறுபரிசோதனைக் கட்டணம் எத்தனை தடவைக்கு அடக்கம் என்று கேட்டால் "அப்ப பாத்துக்கலாம் சார்" என்பார்கள். விடாதீர்கள், எழுதி வாங்குங்கள். மாதங்களோ வருஷங்களோ கழித்துப் பின்படலம் வந்தால் லேசரில் துளை போட வேண்டும். சில நிமிட வேலைதான், ஆனால் அதற்குத் தனி பில். அதையும் இப்போதே கேளுங்கள்.

லென்ஸ் பெட்டியோடு ஸ்டிக்கர் வரும். கம்பெனி, மாடல், பவர், வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். டிஸ்சார்ஜ் அட்டையில் அதை ஒட்டித் தரச் சொல்லுங்கள். எந்த லென்சுக்குப் பணம் கட்டினீர்களோ அதே லென்ஸ்தான் கண்ணில் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அண்ணியின் அட்டையில் அது இல்லை. கேட்ட பிறகு உள்ளே போய்த் தேடி எடுத்து வந்து ஒட்டினார்கள்.

யாரிடமாவது எஸ்டிமேட் சீட்டு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுவோம்.