“இரவைக்கு எங்கள் வீட்டில்தான்”



வெளியூர்ப் பயணம் என்றால் நமது குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, “இரவில் எங்கே தங்குவது?” என்பதுதான். அந்த ஊரில் சொந்தக்காரர் ஒருவர் இருந்துவிட்டால் கேள்விக்கே இடமில்லை. அவர் இருக்க லொட்ஜுக்குப் போனால், “எங்களை மதிக்கவில்லை” என்ற பேச்சு வரும். சில மாதங்களுக்கு முன் என் வீட்டுக்கும் அந்தப் பேச்சு வந்தது.

மகளின் கண் வைத்தியத்துக்காகக் கண்டிக்குப் போக வேண்டியிருந்தது. கிழக்கிலிருந்து மஹியங்கனை வழியாக பஸ்ஸில் போனால் பகல் பொழுது அதிலேயே கழிந்துவிடும். கிளினிக்குக்கு விடியற்காலையில் போய் இலக்கம் எடுக்க வேண்டும். ஆகவே ஓர் இரவு தங்காமல் முடியாது. நான், மனைவி, மூன்று பிள்ளைகள். மனைவியின் பெரியம்மா மகன் கண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறார். செய்தி தெரிந்ததும் போன் எடுத்து, “மச்சான், வேறெங்கும் போகாதீங்க. இரவைக்கு எங்க வீட்டிலதான்” என்றார்.

அவருடைய மனசு பெரிது. வீடு சிறிது. இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குளியலறை. ஓர் அறையில் அவரும் மனைவியும் கைக்குழந்தையும். மற்ற அறையில் வயதான உம்மாவும் இரண்டு குமர்ப் பிள்ளைகளும். இரண்டு வருடங்களுக்கு முன் இதே வீட்டில் நாங்கள் ஓர் இரவு தங்கினோம். எங்களுக்கு அந்த அறையைத் தந்தார்கள். நடுச்சாமத்தில் தண்ணீர் எடுக்க எழுந்த என் மனைவி, குமர்ப் பிள்ளைகள் இருவரும் குசினியில் பாய் போட்டு, முக்காட்டோடு சுருண்டு கிடப்பதைக் கண்டிருக்கிறார். வீட்டில் அந்நிய ஆண் ஒருவன் இருக்கிறானே. தூங்கும்போதும் முக்காட்டைக் கழற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை. மூன்று மணிக்கே மதினி எழுந்து இடியப்பத்துக்கு மா குழைத்துக் கொண்டிருந்தார். இதையெல்லாம் ஊருக்குத் திரும்பும் வழியில் மனைவி சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். அந்த ‘அந்நிய ஆண்’ நான்தான்.

சூரா அந்நூரின் 58ஆம் வசனத்தை நீங்கள் ஓதியிருப்பீர்கள். சுபஹுத் தொழுகைக்கு முன், நண்பகலில் ஆடை களையும் நேரம், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளிலும், வீட்டிலுள்ள சிறு பிள்ளைகள் கூட அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்று அது சொல்கிறது. இரவுத் தங்கல் அந்த மூன்றில் இரண்டு வேளைகளை அப்படியே எடுத்துக்கொள்கிறது. பகல் விருந்துக்கும் இரவுத் தங்கலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

“அழைப்பை மறுப்பது கூடாதே, ஹஸ்ரத்?” என்று சிலர் கேட்கிறார்கள். வலீமா விருந்துக்கு அழைத்தால், தக்க காரணம் இல்லாவிட்டால் போவது கடமை என்பது நமது ஷாபிஈ மத்ஹப். மற்ற விருந்துகளுக்குப் போவது சுன்னத்து. படுத்துத் தூங்குவதற்கு அப்படி ஒரு கடமை விருந்தாளிமீது இல்லை. அபூ ஷுரைஹ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. விருந்தாளியை ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பாகக் கவனிக்க வேண்டும், விருந்து மூன்று நாட்கள், அதன் பின்னர் கொடுப்பது தர்மம் என்பது அதன் கருத்து. இவ்வளவையும் எல்லோரும் சொல்வார்கள். வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்தும் அளவுக்குத் தங்குவது விருந்தாளிக்கு ஆகாது என்று அதே ஹதீஸ் தொடர்வதைச் சொல்பவர்கள் குறைவு. விருந்து என்பது விருந்தாளியின் உரிமை. உரிமையுள்ளவன் அதை விட்டுக்கொடுக்கலாம்.

விளக்கை அணைத்துவிட்டு, விருந்தாளிக்கு உணவைக் கொடுத்துப் பசியோடு படுத்த அன்சாரித் தம்பதிகளின் வரலாற்றையும் எடுத்துக் காட்டுவார்கள். அது வீட்டுக்காரருக்கு உள்ள சிறப்பு. அந்த விருந்தாளிக்கு நிலைமை தெரியாது. தெரிந்துகொண்டு போய் உட்காருகிறவனுக்கு அதில் ஆதாரம் இல்லை.

சரி, எப்படி மறுப்பது? ஸஃபு இப்னு ஜஸ்ஸாமா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுக்கு ஒரு காட்டுக் கழுதையை அன்பளிப்பாகக் கொண்டுவந்தார்கள். அது ஹலாலான வேட்டைப் பிராணிதான். ஆனால் நபியவர்கள் இஹ்ராமில் இருந்ததால் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவரின் முகம் வாடியதைக் கண்டதும், இஹ்ராமில் இருப்பதால் மட்டுமே திருப்பித் தந்ததாகக் காரணத்தைச் சொன்னார்கள். இதுவும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. மறுத்தார்கள்; முகத்தைப் பார்த்தார்கள்; உண்மைக் காரணத்தைச் சொன்னார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? “ஒரு கூட்டாளி வீட்டில் ஏற்பாடு செய்துவிட்டேன்” என்று பொய் சொல்கிறோம். மறுநாள் லொட்ஜ் வாசலில் நம்மைக் கண்டவர் யாராவது போய்ச் சொல்லிவிடுகிறார். மறுப்பைப் பொறுத்துக்கொண்டிருக்கக்கூடிய சொந்தம் பொய்யால் முறிகிறது.

நான் மச்சானிடம் போனிலேயே, அழைத்த அன்றே சொன்னேன்: “மச்சான், மஃரிபுக்கு உங்க வீட்டுக்கு வாறோம். உங்களோட சாப்பிடுறோம். படுக்கைக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுக்கிறோம். போன முறை பிள்ளைகள் குசினியில் படுத்தது எனக்குத் தெரியும். இந்த முறை சின்னவளுக்குப் பரீட்சையும் இருக்கு.” அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “லொட்ஜா? ஊர் என்ன சொல்லும்?” என்றார். கோபம்தான். நான் வாதாடவில்லை. என் மனைவி மதினியிடம் தனியாகப் பேசி, “ஒரு கறி போதும்” என்று கேட்டுக்கொண்டார். பல வீடுகளில் அழைப்பவர் கணவர்; பாய் விரிப்பவரும் மா குழைப்பவரும் மனைவி. அவரிடம் கேட்டாரா என்பதே தெரியாது. ஆகவே இந்தப் பேச்சைப் பெண்கள் இருவரும் பேசினால் பாதிச் சிக்கல் தீரும்.

மறுப்பைப் பயணத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பாய் விரித்து, தலையணை உறை மாற்றிய பின் இரவு பத்து மணிக்கு வாசலில் நின்று சொல்வது அவமதிப்பு. அந்த நிலை வந்துவிட்டால் அன்றிரவு தங்கிவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

லொட்ஜில் தங்குவதை இழிவாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே சூரா அந்நூரின் 29ஆம் வசனம், எவரும் குடியிராத, உங்களுக்குப் பயன்தரும் வீடுகளில் நுழைவது குற்றமில்லை என்கிறது. வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களே அவை என்று விளக்கம் சொன்ன முஃபஸ்ஸிர்கள் உண்டு. ஆனால் குடும்பத்தோடு போகிறவர்கள் விசாரித்துப் போக வேண்டும். அங்கே மதுச்சாலை இருக்கிறதா என்று நான் முதலிலேயே கேட்டேன். இருந்த இடத்தை விட்டு வேறிடம் பார்த்தோம். அடையாள அட்டைகளைக் கையில் வைத்திருந்தோம். முன்பணம் கொடுக்குமுன் மனைவி குளியலறையையும் கதவின் தாழ்ப்பாளையும் பார்த்தார்.

மச்சான் வீட்டில் மஃரிப் தொழுது, சாப்பிட்டு, இஷாவுக்குப் பிறகு புறப்பட்டோம். அவருடைய முகம் முழுதாக மலரவில்லை என்பதை மறைக்க மாட்டேன். சின்னவள் மாத்திரம் வாசல்வரை வந்து, பரீட்சைக்கு துஆச் செய்யச் சொன்னாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தனியாகப் பயணம் செய்ய நேர்ந்த சகோதரிக்கு லொட்ஜைவிடச் சொந்தக்காரர் வீடே பாதுகாப்பு. அவருக்கு இந்தக் கட்டுரையைக் காட்டி அறை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதேபோல அக்குறணையில் என் மனைவியின் மூத்தம்மா முறையான ஒருவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஐந்து அறை வீட்டில் தனியாக இருக்கிறார். இரண்டாம் கிளினிக்குக்குப் போனபோது அவரிடம்தான் தங்கினோம். பாண், பருப்பு, முட்டை எல்லாம் நாங்களே வாங்கிக்கொண்டு போனோம். இரவு பன்னிரண்டு மணி வரை அவர் எங்களைத் தூங்கவிடவில்லை.