கணக்குக் கூடம்: செல்லேட்டில் மட்டும் தென்படும் வரவு செலவுகள்

ஆனைக்கரையில் ஏலத் தோட்டங்களை நம்பி வாழும் நம்மவர் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கல்வி உதவி நிதி ஒன்றின் ஆண்டுக் கூட்டத்துக்கு நாம் சென்றிருந்தோம். பொருளாளர் தமது ரொக்க ஏட்டைப் படித்தார். மார்ச்சு 31ஆம் நாள் வங்கியில் இருப்பு 48,260 ரூபாய் என்றார். அப்போது முன்வரிசையில் அமர்ந்திருந்த உறுப்பினர் ஒருவர், நாம் பாஸ்புக் என்று வழங்கும் வங்கிச் செல்லேட்டை விரித்துக் காட்டி, “அண்ணே, இதிலே அதே நாளில் 49,920 ரூபாய் 30 காசு இருக்கிறதே! மிச்சம் 1,660 ரூபாய் 30 காசு உங்கள் ஏட்டுக்கு ஏன் வரவில்லை?” என்று கேட்டார்.

அவையில் சிறு சலசலப்பு எழுந்தது. பணம் குறைந்திருந்தால் கவனக்குறைவு என்பர். ஏட்டில் காட்டாத பணம் வங்கியில் இருந்தால் மறைத்தார் என்றே ஐயுறுவர். பகலெல்லாம் ஏலக்காய்ச் சேகரத்தில் உழைத்து, இரவில் விளக்கடியில் கணக்கெழுதும் அம்மனிதர் வாயடைத்து நின்றார். பொறுப்பை விட்டு விலகுவதாகவும் சொன்னார். விலகுமுன் இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம் என்று நாம் வேண்டினோம். அவ்விரவு ஒரு மணி நேரத்தில் தெரிந்தவற்றையே இத்திங்கள் நேயர்கட்கு உரைக்கின்றோம்.

முதலில் வேலையைச் சொல்லுவோம். ஒருவர் செல்லேட்டின் வரிகளை வாசிக்க, மற்றவர் ரொக்க ஏட்டில் அதே தொகையைக் கண்டு இரண்டிலும் பென்சிலால் கோடிட வேண்டும். இறுதியில் கோடு விழாமல் நிற்கும் வரிகளே வேறுபாட்டுக்குக் காரணம். அவை இரு வகைப்படும். நமது ஏட்டில் மட்டும் இருப்பவை ஒரு வகை. செல்லேட்டில் மட்டும் இருப்பவை மற்றொரு வகை. இவற்றைப் பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: செய்தி யாருக்கு எட்டவில்லை? வங்கிக்கு எட்டவில்லையாயின் பொறுத்திருந்தால் போதும். நமக்கு எட்டவில்லையாயின் நாம் எழுதியாக வேண்டும்.

பொருளாளரின் ஏட்டில் மட்டும் நின்றவை இரண்டு. ஓர் ஆசிரியருக்கு மார்ச்சு 28ஆம் நாள் கொடுத்த 5,000 ரூபாய்க் காசோலையை அவர் இன்னும் வங்கியில் செலுத்தவில்லை. மார்ச்சு 31ஆம் நாள் மாலை, வங்கியின் பெட்டியில் இட்ட 3,000 ரூபாய்க் காசோலை இன்னும் வரவாகவில்லை. இவ்விரண்டையும் பொருளாளர் முறையாகவே எழுதியிருந்தார். வங்கிதான் அறியாதிருந்தது. ஆகவே இவற்றுக்குப் புதிய பதிவு எதுவும் வேண்டியதில்லை.

செல்லேட்டில் மட்டும் நின்றவை ஐந்து வரிகள். வங்கி சேர்த்த சேமிப்பு வட்டி 296 ரூபாய். குறுஞ்செய்திக் கட்டணம் 17 ரூபாய் 70 காசு. வெளியூரில் வாழும் உறுப்பினர் ஒருவர் நேரே வங்கிக்கு அனுப்பிய சந்தா 1,500 ரூபாய். நன்கொடையாக வந்து பணமின்றித் திரும்பிய காசோலை 2,000 ரூபாய். அது திரும்பியதற்கு வங்கி பிடித்த கட்டணம் 118 ரூபாய். இவற்றில் எதுவும் பொருளாளரின் கைவழி நடந்ததன்று. கையில் இரசீதோ சீட்டோ வாராதபோது அவர் எதைக் கொண்டு எழுதுவார்? இவ்வரிகளுக்குச் செல்லேடே சான்றுச் சீட்டு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ரொக்க ஏட்டின் இருப்பாகிய 48,260 உடன் வட்டி 296ஐயும் நேர்ச் சந்தா 1,500ஐயும் கூட்டினால் 50,056 ஆகிறது. அதிலிருந்து 17.70, 2,000, 118 ஆகிய மூன்றையும் கழித்தால் 47,920 ரூபாய் 30 காசு. இதுவே திருத்திய ஏட்டிருப்பு. மறுபுறம், செல்லேட்டின் 49,920.30 உடன் வங்கி இன்னும் அறியாத 3,000ஐக் கூட்டி, ஆசிரியருக்குரிய 5,000ஐக் கழித்தால் அதே 47,920.30 வருகிறது. இரு பாதைகளும் ஓரிடத்தில் கூடிவிட்டன. உறுப்பினர் கேட்ட 1,660 ரூபாய் 30 காசை எவரும் மறைக்கவில்லை. சங்கத்தின் உண்மையான இருப்பு பொருளாளர் படித்ததினும் 339 ரூபாய் 70 காசு குறைவு என்பதே கண்ட முடிவு.

பட்டியல் பொருந்தியதோடு பலர் ஏட்டை மூடிவிடுகின்றனர். அதுதான் பிழை. பட்டியல் வேறுபாட்டை விளக்குமேயன்றி ஏட்டைத் திருத்தாது. ஐந்து வரிகளையும் ஏட்டில் பதிய வேண்டும். பற்று, வரவு என்னும் சொற்கள் இங்கே சிலரை மயக்கும். செல்லேடு என்பது வங்கியின் பேரேட்டில் நம் பக்கத்தின் படி. வங்கியின் கணக்கில் நாம் கடன் கொடுத்தவர்; நமது கணக்கில் வங்கி கடன்பட்டவர். ஆகையால் அங்கே வரவென்று நிற்பது இங்கே வங்கிக் கணக்கில் பற்றாக நிற்கும்.

வட்டிக்கு: வங்கிக் கணக்கு பற்று 296, வட்டி வருமானக் கணக்கு வரவு 296.

குறுஞ்செய்திக் கட்டணத்துக்கு: வங்கிக் கட்டணக் கணக்கு பற்று 17.70, வங்கிக் கணக்கு வரவு 17.70. இதில் 15 ரூபாய் கட்டணம். எஞ்சிய 2 ரூபாய் 70 காசு 18 விழுக்காட்டுச் சரக்கு சேவை வரி. வரிப்பதிவு இல்லாத நிதிக்கு இரண்டும் சேர்ந்தே செலவு. வரிப்பதிவு பெற்ற ஏலக்காய் வணிகராயின், தமது தொழிற் கணக்கில் வங்கி பிடித்த வரியைத் தனியே காட்டி, உரிய சான்றோடு ஈடு கோரலாம்.

நேர்ச் சந்தாவுக்கு: வங்கிக் கணக்கு பற்று 1,500, சந்தாக் கணக்கு வரவு 1,500. அனுப்பியவர் யாரென்று தெரிந்த பின்னரே இவ்வாறு எழுதலாம். தெரியாதவரை அனாமத்துக் கணக்கில் வரவு வைத்து, ஆளை அறிந்தபின் சந்தாவுக்கு மாற்றுவதே முறை.

திரும்பிய காசோலைக்கு: காசோலை கொடுத்தவர் கணக்கு பற்று 2,000, வங்கிக் கணக்கு வரவு 2,000. அவர் மீண்டும் தருவதாக ஒப்பினமையால் இவ்வாறு எழுதினோம். தரமாட்டார் எனின் நன்கொடைக் கணக்கையே பற்று எழுதி, முன்பு காட்டிய வருமானத்தை நீக்கிவிட வேண்டும். எவ்வாறாயினும் அவருக்குக் கொடுத்த இரசீதின் அடிக்கட்டையில் காசோலை திரும்பியதைக் குறித்து வைத்தல் வேண்டும். 118 ரூபாயை அவரிடம் வாங்குவதாயின் அவர் கணக்கிலும், சங்கமே ஏற்பதாயின் வங்கிக் கட்டணத்திலும் பற்று எழுதலாம். இச்சங்கம் தானே ஏற்றது.

இவ்விடத்தில் ஒரு குறுக்கு வழி பலரையும் இழுக்கும். வட்டி 296இலிருந்து கட்டணங்கள் 135.70ஐக் கழித்து, “நிகர வட்டி 160.30” என்று ஒரே வரியில் எழுதிவிடுவர். இருப்பு பொருந்தும், ஆயினும் வருமானமும் செலவும் இரண்டுமே பொய்யாகும். வைப்பு நிதியில் இதன் தீமை பெரிது. ஓராண்டு வைப்புவட்டி 60,000 ரூபாயில் 6,000 ரூபாயை வருமான வரியாகப் பிடித்துக்கொண்டு வங்கி 54,000 மட்டும் சேர்த்தது என்று வைத்துக்கொள்வோம். செல்லேட்டின் தொகையையே வட்டியென எழுதினால், அரசிடம் செலுத்திய 6,000 நம் ஏட்டிலிருந்தே மறைந்துபோம். வங்கி பற்று 54,000, பிடித்த வரி பற்று 6,000, வட்டி வருமானம் வரவு 60,000 என்றெழுதினால்தான் அவ்வரியைக் கணக்கிற் காட்டவும், உரியதாயின் திரும்பப் பெறவும் இயலும்.

செல்லேட்டில் உள்ளதெல்லாம் சரியென்று கண்ணை மூடி எழுதுதலும் தகாது. சேமிப்பு வட்டியை நாமே சோதிக்கலாம். 2010 ஏப்ரல் 1 முதல் இந்திய வங்கிகள் அன்றாட இருப்பின்மீது இவ்வட்டியைக் கணக்கிடுகின்றன. அதற்குமுன் திங்களின் 10ஆம் நாள் முதல் கடைசி நாள் வரையிலான மிகக்குறைந்த இருப்புக்கே வட்டி கிடைத்தது. இச்சங்கத்தின் கணக்கில் அந்த 90 நாட்களில் சராசரி இருப்பு 48,000 ரூபாய்; வட்டி ஆண்டுக்கு 2.5 விழுக்காடு. 48,000ஐ 2.5ஆல் பெருக்கி 100ஆல் வகுத்து, வருவதை 90ஆல் பெருக்கி 365ஆல் வகுத்தால் 295 ரூபாய் 89 காசு. வங்கி முழு ரூபாயாக்கி 296 சேர்த்தது, பொருந்துகிறது.

கட்டணம் ஒன்று காரணமின்றித் தோன்றினால் அதைச் செலவாக எழுதி மறந்துவிடலாகாது. வங்கிக் கணக்கை வரவெழுதி, வங்கியிடமிருந்து வரவேண்டிய தொகையாகப் பற்று வைத்து, எழுத்து மூலம் கேட்க வேண்டும். குறைந்தபட்ச இருப்பு இல்லாமைக்காகப் பிடித்த தண்டமாயின் ஒன்றை நினைவிற் கொள்க. முன்னறிவிப்புத் தந்து, இருப்பைச் சரிசெய்ய ஒரு திங்களேனும் அவகாசம் அளித்த பின்னரே அதைப் பிடிக்கலாம் என்பது சேமிப்புக் கணக்குகளுக்கு 2015 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி.

பொறுத்திருந்தால் போதும் என்று நாம் சொன்ன ஆசிரியரின் காசோலைக்கும் ஓர் எல்லை உண்டு. 2012 ஏப்ரல் முதல் காசோலையின் ஆயுள், அதில் எழுதிய நாளிலிருந்து 3 திங்களே. அதற்குள் அவர் செலுத்தாவிடின் அது செல்லாத தாளாகிவிடும். அப்போது வங்கிக் கணக்கு பற்று 5,000, ஆசிரியருக்குத் தரவேண்டியது வரவு 5,000 என்று எழுதி, அவருக்குப் புதிய காசோலை தருதல் வேண்டும். அவருக்குரிய கடன் காசோலையோடு இறப்பதில்லை.

பொருளாளரிடம் நாம் மற்றொன்றும் கேட்டோம். முந்தைய ஆண்டுகளில் இத்தகைய வேறுபாடு வரவில்லையா என்றோம். “கட்டணம் பிடித்த போதெல்லாம் என் கைக்காசைப் போட்டு நேர் செய்துவிடுவேன்” என்றார் அவர். நல்லெண்ணந்தான், ஆனால் அப்பணம் அவர் தந்த நன்கொடையாகவும் எழுதப்படவில்லை, கட்டணம் செலவாகவும் எழுதப்படவில்லை. சங்கத்துக்கு வங்கியால் ஆகும் செலவு இவ்வளவு என்று உறுப்பினர்க்குத் தெரியாமலே போயிற்று. நன்மை செய்த மனிதரே கூட்டத்தில் தலைகுனிய நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுவாரம் கூடிய அவையில் ஐந்து பதிவுகளையும் சரிகட்டும் பட்டியலையும் அவர் படித்துக் காட்டினார். கேள்வி கேட்ட உறுப்பினரே பட்டியலில் சாட்சிக் கையொப்பம் இட்டார். இனி ஒவ்வொரு திங்களும் 5ஆம் நாளுக்குள் செல்லேட்டைப் பதிவு செய்து வாங்கி, இருவரும் சேர்ந்தே கோடிடுவது என்று முடிவாயிற்று. பொருளாளர் பொறுப்பில் தொடர்கின்றார்.