நூறு ஆண்டு போதாதா?

கல்முனைக் கரையோரத்துப் பள்ளிவாசல் ஒன்று 2023இல் நூற்றாண்டு கொண்டாடியபோது, அதன் நம்பிக்கையாளர் சபை பத்திரிகைகளுக்கு அனுப்பிய அறிக்கை என் பார்வைக்கும் வந்தது. பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயரை மட்டும் மாற்றினால், மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை எந்த ஊரும் அதே அறிக்கையை வெளியிடலாம் என்பதே என் முறைப்பாடு.

அறிக்கை 1626இல் தொடங்கிற்று. போர்த்துக்கேயரால் விரட்டப்பட்ட முஸ்லிம்களுள் ஏறத்தாழ 4000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்திய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அது ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாறு. இந்தப் பள்ளியின் சுவர் எப்போது எழுந்தது என்பதற்கு அது சான்றாகாது. மன்னனிடமிருந்து ஒரே தாவலில் கடந்த நூற்றாண்டுக்கு வந்த அறிக்கை, ‘1923ஆம் ஆண்டு அம்பாறை மாவட்டத்தில்’ பள்ளி நிறுவப்பட்டதாக அறிவித்தது. அம்பாறை மாவட்டம் பிறந்ததே 1961இல். அதற்கு முன் கல்முனை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒரு வரியை மாற்றினால் தீர்ந்துவிடும் பிழைதான். பத்திரிகைகள் அந்த வரியையும் மாற்றாமல் அச்சிட்டன.

1923 எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். வாசற்கல்லில் ஹிஜ்ரி 1345 என்று பொறித்திருக்கிறது. அதைத் தவிர வேறு ஆதாரம் எவரிடமும் இல்லை. ஹிஜ்ரி 1445 தொடங்கியது 2023 ஜூலையில். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 578. யாரோ ஒருவர் அந்த 578ஐ 1345உடன் கூட்டி 1923 என்று கண்டிருக்கிறார். ஆனால் இந்த வித்தியாசம் நிலையானதன்று. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் அளவில் குறுகியது. ஏறத்தாழ 33 ஆண்டுக்கு ஒருமுறை வித்தியாசம் ஒன்று குறையும். ஹிஜ்ரி 1345 பிறந்தபோது அது 581. அந்த ஆண்டு 1926 ஜூலையில் தொடங்கி 1927இன் நடுப்பகுதியில் முடிந்தது.

வேடிக்கை என்னவெனில், விழா நடந்த காலம் பிழையன்று. ஹிஜ்ரிக் கணக்கில் 1345இலிருந்து 1445 வரை சரியாக நூறு ஆண்டு. ‘ஹிஜ்ரிக் கணக்கில் நூற்றாண்டு’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் யாரும் குறை காண இயலாது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு, கல்லில் இல்லாத 1923ஐ எழுதியதால், பள்ளியின் சொந்தக் கல்லே பள்ளியின் அறிக்கையை மறுத்து நிற்கிறது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். கல்முனையில் ஆண்டுக் கணக்கு வெறும் அலங்காரமன்று. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் உண்ணாவிரதம் நடந்தபோது, இரு சமூகத்தாரும் எல்லைக்கும் காணிக்கும் பழைமையையே சாட்சிக்கு அழைத்தார்கள். அத்தகைய ஊரில் பத்திரிகைத் துணுக்கு வெட்டி எடுக்கப்பட்டு ஒரு நாள் ஆவணமாகக் கோவையில் ஏறும். அதில் ஒரு பொய் ஆண்டு இருந்தால், எதிர்த்தரப்பார் மெய்யான ஆண்டையும் சேர்த்தே தள்ளிவிடுவர். 2004 டிசம்பர் 26இல் கடல் வீடுகளோடு கடதாசிகளையும் கொண்டுபோன இக்கரையில், எஞ்சியிருக்கும் கல்லையாவது நாம் ஒழுங்காக வாசிக்க வேண்டாமா? வக்பு பதிவு இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு சொல்: அச்சட்டம் 1956இல் வந்தது. அதன்கீழ் கிடைத்த பதிவுத் திகதி பதிவின் திகதியே. பள்ளி கட்டிய திகதியன்று.

அறிக்கையின் பாதியை அதிதிகளின் பட்டங்கள் நிரப்பின. ‘கலந்து சிறப்பிப்பார்’ எனப் பெயர் போட்டவர்களுள் இருவர் அப்போது சம்மதமே தந்திருக்கவில்லை. குடிக்கு ஒருவராக இருந்து இப்பள்ளிகளை நடத்திவந்த மரைக்காயர்மாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கந்தூரிச் சோறு எத்தனை மணிக்கு, பெண்களுக்கு இடம் எங்கே என்பதும் இல்லை. ஊரார் அறிக்கையில் தேடுவது இவற்றைத்தான்.

சபைச் செயலாளர் இளைஞர், நல்லவர். அவருக்கு மாற்று வாசகம் ஒன்று எழுதிக் கொடுத்தேன்: ‘வாசற்கல்லின்படி ஹிஜ்ரி 1345இல் (1926–27) எழுந்த எமது பள்ளிவாசல், ஹிஜ்ரிக் கணக்கில் நூறாண்டை எட்டுகிறது. அதற்கு முன்னர் இவ்விடத்தில் ஓலைப் பள்ளி ஒன்று இருந்ததென முதியோர் கூறுவர். அதற்கு எழுத்துச் சான்று கிடைக்கவில்லை.’

படித்துவிட்டு, “காக்கா, இப்பிடிப் போட்டா நம்மட பள்ளிக்கு மதிப்புக் குறையாதா?” என்றார்.

கல்லைப் படம் பிடித்து அறிக்கையோடு சேர்த்து அனுப்பச் சொன்னேன். நினைவு மலருக்கு அப்படியே அனுப்பினார். மலரில் படம் வந்தது. அதன் கீழே 1923 என்று அச்சாகியிருந்தது.